விரல் தள்ளுவதும் கண் நிற்பதும்

தையல் சொல்லிக்கொடுக்கும் யூடியூப் சேனல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடத்துபவர் ஒரு பெண். வீட்டு முன்னறையில் தையல் மெஷின், மேசைமேல் வெட்டுத்துணி, கைபேசியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு. இந்த வாரம் அவர் இரண்டு வீடியோ போட்டிருக்கிறார். ஒன்று பிளவுஸுக்கு அளவெடுத்து வெட்டுவது எப்படி என்று நிதானமாகச் சொல்லும் 10 நிமிட வீடியோ. இன்னொன்று ஊசியில் நூலைச் சட்டென்று கோர்க்கும் ஒரு கைவேலையைக் காட்டும் 25 விநாடி ஷார்ட்ஸ்.

வாரக் கடைசியில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து பார்க்கிறார். பிளவுஸ் வீடியோவின் தம்ப்நெயில் 20,000 முறை காட்டப்பட்டிருக்கிறது. அதில் 5 சதவீதம், அதாவது 1,000 முறை தட்டித் திறந்திருக்கிறார்கள். சராசரியாகப் பார்த்தது 4 நிமிடம். அதாவது வீடியோவின் 40 சதவீதம். ஊசி ஷார்ட்ஸும் 20,000 முறைதான் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே 70 சதவீதம் பேர் நின்று பார்த்திருக்கிறார்கள், 30 சதவீதம் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். சராசரியாகப் பார்த்த அளவு 104 சதவீதம்.

அவர் மனத்தில் என்ன ஓடும்? ஒருபக்கம் 5, மறுபக்கம் 70. ஒருபக்கம் 40, மறுபக்கம் 104. இனி ஷார்ட்ஸ்தான் நமக்குச் சரிப்பட்டு வரும், மெனக்கெட்டு 10 நிமிடம் எடுப்பது வீண் என்று முடிவு கட்டுவார். இந்த எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. ஆனால் இப்படி முடிவு கட்டி, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த நீளமான வீடியோக்களை நிறுத்திவிடுவது நிஜமாகவே நடக்கிறது. இந்த இரண்டு ஜோடி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தவறு. ஏன் என்று பார்க்கலாம்.

கதவைத் திறப்பது யார்?

நீளமான வீடியோவுக்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. தம்ப்நெயிலும் தலைப்பும்தான் அந்தக் கதவு. பார்ப்பவர் அதைப் படிக்கிறார், யோசிக்கிறார், வேண்டுமென்றால் தட்டுகிறார். உள்ளே வந்த 1,000 பேரும் "பிளவுஸ் வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று தாமாகவே முடிவெடுத்து வந்தவர்கள்.

ஷார்ட்ஸில் கதவே கிடையாது. முந்தைய வீடியோவைத் தள்ளியதும் அடுத்தது திரை முழுக்க ஓட ஆரம்பித்துவிடுகிறது. யாரும் யாரையும் அனுமதி கேட்கவில்லை. பார்ப்பவரின் முடிவு வீடியோ ஓடத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. அதுவும் வேண்டும் என்ற முடிவாக வருவதில்லை, வேண்டாம் என்ற முடிவாகவே வருகிறது. வேண்டாம் என்றால் விரல் அசையும். வேண்டும் என்றால் ஒன்றுமே செய்யத் தேவையில்லை.

ஆகவே 5 சதவீதம் என்பது எழுந்து வந்து கதவைத் தட்டியவர்களின் கணக்கு. 70 சதவீதம் என்பது எழுந்து போகாதவர்களின் கணக்கு. கல்யாண வீட்டுக்குத் தேடி வந்தவர்களையும், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்தவர்களையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது அல்லவா? தட்டித் திறக்கும் விகிதத்தைப் பொறுத்தவரை, யூடியூபில் உள்ள சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. நம் தையல்காரரின் 5 சதவீதம் அதற்குள் வசதியாக உட்காருகிறது. அது குறைவான எண்ணே அல்ல.

"காட்டப்பட்டது" என்ற சொல்லுக்கும் இரண்டு இடத்திலும் ஒரே பொருள் இல்லை. தம்ப்நெயிலின் பாதியாவது திரையில் தெரிந்து, ஒரு விநாடிக்கு மேல் இருந்தால், அதை ஒருமுறை காட்டப்பட்டதாக யூடியூப் எண்ணுகிறது. பார்ப்பவர் அதைக் கவனித்திருக்கலாம், கவனிக்காமலும் போயிருக்கலாம். பக்கத்திலேயே வேறு வீடியோக்களின் தம்ப்நெயில்கள் போட்டிக்கு நிற்கும். ஷார்ட்ஸ் காட்டப்படும்போதோ திரையில் வேறு எதுவும் இல்லை. ஒலியோடு முழுத்திரையும் அதற்குத்தான்.

தள்ளிவிடும் விகிதம் எதைச் சொல்கிறது

ஷார்ட்ஸில் 30 சதவீதம் பேர் தள்ளினார்கள் என்றால், வீடியோ நன்றாக இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் வீடியோவைப் பார்க்கவே இல்லை. அவர்கள் கண்ணில் பட்டது முதல் சட்டகமும் முதல் ஓரிரு விநாடியும்தான். எத்தனை விநாடி நின்றால் "பார்த்தவர்" என்று எண்ணப்படுவார் என்பதை யூடியூப் வெளியே சொல்வதில்லை. ஆனால் இந்த எண்ணை மாற்ற விரும்புபவர் கைவைக்க வேண்டிய இடம் தொடக்கம்தான் என்பதில் சந்தேகமில்லை. நம் தையல்காரர் "வணக்கம், எங்கள் சேனலுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்தால், ஊசி திரைக்கு வருவதற்குள் விரல் அசைந்துவிடும். ஊசியின் கண்ணில் நூல் நுழையாமல் மடங்கிக்கொள்ளும் அந்தக் காட்சியோடு ஆரம்பித்தால், தையல் பழகிய எவரும் ஒரு கணம் நிற்பார்கள்.

இந்த எண்ணில் பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அது நாளாக ஆக மாறும். புது ஷார்ட்ஸை, அதைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் என்று தோன்றும் ஆட்களுக்கு யூடியூப் முதலில் காட்டிப் பார்க்கிறது. தையல் வீடியோ பார்ப்பவர்கள், ஏற்கெனவே இந்தச் சேனலுக்கு வந்தவர்கள் போன்றோர் அவர்கள். அவர்கள் நின்றால் வட்டம் விரிகிறது. வட்டம் விரிய விரிய, ஊசியையே தொடாதவர்களும் தமிழே தெரியாதவர்களும் உள்ளே வருகிறார்கள். அவர்கள் தள்ளத்தான் செய்வார்கள்.

நம் கணக்கையே பிரித்துப் பார்ப்போம். முதல் இரண்டு நாளில் 7,500 முறை காட்டப்பட்டு, அதில் 80 சதவீதம் பேர், அதாவது 6,000 பேர் நின்றார்கள். மிச்ச நாட்களில் 12,500 முறை காட்டப்பட்டு, 64 சதவீதம், அதாவது 8,000 பேர் நின்றார்கள். இரண்டையும் கூட்டினால் 14,000 பேர், 70 சதவீதம். இதைப் பார்த்து "முதலில் 80 இருந்தது, இப்போது 64 ஆகிவிட்டது, வீடியோ படுத்துவிட்டது" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சிலர் பதறிப்போய் வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். உண்மையில் விகிதம் இறங்கியதே வட்டம் பெரிதானதால்தான். எண் இறங்கும்போது காட்டப்பட்ட முறை ஏறிக்கொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்து இறங்கினால், சுற்று முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நீளமான வீடியோவின் தட்டும் விகிதமும் இதே மாதிரிதான். காட்டப்படும் முறை பெருகும்போது அது சரியும்.

நூற்றுக்கு நூற்றுநான்கு

இனி அந்த 104 சதவீதம். 25 விநாடி வீடியோவைச் சராசரியாக 26 விநாடி எப்படிப் பார்க்க முடியும்? ஷார்ட்ஸ் முடிந்ததும் நிற்காது, தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடும். இதைத்தான் லூப் என்கிறார்கள். லூப் விகிதம் என்ற பெயரில் ஒரு தனி எண்ணை ஸ்டுடியோவில் தேட வேண்டாம். சராசரி 100 சதவீதத்தைத் தாண்டுவதையும், பார்வையாளர் தங்கும் வரைபடம் 100க்கு மேலே தொடங்குவதையும் வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

லூப்பை எண்ணுவது புதிய பழக்கம் அல்ல. 2013இல் வந்த வைன் என்ற செயலியில் வீடியோவின் நீளமே 6 விநாடிதான். அது திரும்பத் திரும்ப ஓடும். 2014இலிருந்து வைன் ஒவ்வொரு வீடியோவின் கீழும் எத்தனை லூப் ஓடியது என்று எண்ணிக் காட்டியது. 2017 தொடக்கத்தில் வைன் மூடப்பட்டது. திரும்பத் திரும்ப ஓடும் அந்த வடிவம் மட்டும் டிக்டாக், ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்று தொடர்ந்தது. இந்தியாவில் 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் சோதித்துப் பார்த்ததும் இந்தியாவில்தான்.

100ஐத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் எவருக்கும் மகிழ்ச்சி வரும். ஆனால் சராசரி என்பது கலந்து வைத்த எண். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்க்காமல் நம்பக் கூடாது. நின்று பார்த்தவர்களில் 10 பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் நிலைமை இது. 10 பேரும் கடைசிவரை பார்க்கிறார்கள். வீடியோ முடிந்து மறுபடி ஆரம்பிக்கிறது. அது மறுபடி ஓடுகிறது என்று உணர்ந்து விரலை நகர்த்த ஒரு விநாடி ஆகிறது. ஆளுக்கு 26 விநாடி. சராசரி 104 சதவீதம். இங்கே யாரும் ஆசைப்பட்டு இரண்டாம் முறை பார்க்கவில்லை. அந்த 4 சதவீதம் வெறும் விரலின் தாமதம்.

இரண்டாவது நிலைமை வேறு. 6 பேர் 10ஆவது விநாடியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் 4 பேர் நூல் கோர்க்கும் விதத்தைக் கற்றுக்கொள்ள முழு வீடியோவையும் இரண்டு முறை பார்க்கிறார்கள். 6 பேரின் கணக்கு 60 விநாடி, 4 பேரின் கணக்கு 200 விநாடி. மொத்தம் 260. சராசரி மறுபடியும் 26 விநாடி, மறுபடியும் 104 சதவீதம்.

ஒரே எண்தான். ஆனால் முதல் வீடியோ எல்லோரையும் கடைசிவரை வைத்திருந்தது. இரண்டாவது பாதிக்கு மேற்பட்டவர்களைப் பாதி வழியில் இழந்தது, மிஞ்சியவர்களை ஆழமாகப் பிடித்தது. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வைத்தியம் வேறு வேறு.

எது நம் வீடியோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அந்த வரைபடம், ஒவ்வொரு விநாடியும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதைப் பார்வைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டுவது. முதல் நிலைமையில் முதல் விநாடி 20 முறை பார்க்கப்பட்டிருக்கும். ஆக 200இல் தொடங்கும், உடனே 100க்கு வரும், கடைசிவரை அப்படியே சமமாகப் போகும். இரண்டாவது நிலைமையில் முதல் 10 விநாடி 14 முறை பார்க்கப்பட்டிருக்கும். ஆக 140இல் தொடங்கி, 10ஆவது விநாடியில் 80க்கு விழும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். கோடு 80இல் முடிகிறது என்பதால் 80 சதவீதம் பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்று படித்துவிடக் கூடாது. கடைசிவரை பார்த்தவர்கள் 40 சதவீதம்தான். அவர்கள் இருமுறை பார்த்ததால் 80 ஆனது. லூப் ஓடும் வீடியோவில் கோட்டின் உயரத்தை நம்ப முடியாது. நம்ப வேண்டியது நடுவில் விழும் சரிவை. 140க்கும் 80க்கும் இடையே உள்ள 60தான் கிளம்பிப்போன 6 பேர். நிஜ வரைபடத்தில் இது படிக்கட்டாக இல்லாமல் வழுக்குப்பாறையாகத் தெரியும், ஆனால் படிக்கும் முறை இதுவே. 10ஆவது விநாடியில் என்ன நடந்தது என்று வீடியோவைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். தையல்காரரின் கட்டைவிரல் ஊசியை மறைத்திருக்கலாம். அல்லது அந்த இடத்தில் அவர் கேமராவைப் பார்த்து வேறு ஏதோ பேச ஆரம்பித்திருக்கலாம்.

லூப்பை வலிந்து வரவழைக்கும் தந்திரங்களும் உண்டு. கடைசி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, முதல் வாக்கியத்தோடு ஒட்டிவிடுவார்கள். வீடியோ முடிந்ததே தெரியாது. இன்னும் சிலர் படிக்க 10 விநாடி ஆகும் எழுத்தை 4 விநாடி மட்டும் காட்டுவார்கள். படித்து முடிக்க வேண்டுமானால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இதைப் பார்வையாளரின் நேரத்தைத் திருடுவது என்றே நான் சொல்வேன். ஊசியில் நூல் கோர்க்கும் கையை மறுபடி பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. படிக்க முடியாத எழுத்தை மறுபடி பார்ப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். எண்ணில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சேமித்து வைத்தவர்கள், மற்றவருக்கு அனுப்பியவர்கள், அதன்பின் சேனலுக்கு வந்தவர்கள் ஆகியோரைப் பார்த்தால்தான் வித்தியாசம் வெளிப்படும்.

2025 மார்ச் 31 முதல் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலும், மறுபடி ஓடினாலும் அதை ஒரு வியூ என்று யூடியூப் எண்ணுகிறது. எத்தனை விநாடி பார்த்தார் என்ற கேள்வி அதில் இல்லை. எனவே அன்றைக்குப் பிறகு பல சேனல்களின் ஷார்ட்ஸ் வியூஸ் திடீரென்று ஏறித் தெரிந்தன. பார்வையாளர்கள் கூடவில்லை, எண்ணும் முறை மாறியது. பழைய முறையிலான எண்ணிக்கையை எங்கேஜ்டு வியூஸ் என்ற பெயரில் ஸ்டுடியோவில் தனியாக வைத்திருக்கிறார்கள். வருமானமும் அதற்கான தகுதியும் இன்றும் அந்த எண்ணை வைத்துத்தான். அந்தத் தேதிக்கு முந்தைய ஷார்ட்ஸையும் பிந்தைய ஷார்ட்ஸையும் வெறும் வியூஸை வைத்து ஒப்பிட்டால் தப்புக் கணக்கு வரும்.

நீள வீடியோவின் நேரக் கணக்கு

நீளமான வீடியோவுக்கும் ஒரு காலத்தில் வியூஸ்தான் எல்லாம். தட்டினால் போதும், உள்ளே போய் 5 விநாடியில் ஏமாந்து திரும்பினாலும் ஒரு வியூ. அதனால் உள்ளே இல்லாத ஒன்றைத் தம்ப்நெயிலில் போட்டு ஏமாற்றும் வழக்கம் பெருகியது. 2012இல் யூடியூப் தன் பரிந்துரை முறையை மாற்றி, பார்த்த நேரத்தை அளவுகோலாகக் கொண்டுவந்தது. மாற்றியதும் மொத்த வியூஸ் 20 சதவீதம் விழுந்தது என்று, அந்தப் பிரிவில் பொறுப்பிலிருந்த கிறிஸ்டோஸ் குட்ரோ பின்னாளில் எழுதினார். விழுந்தாலும் அவர்கள் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறவில்லை.

2016இல் கூகுள் பொறியாளர்கள் மூவர் யூடியூப் பரிந்துரை எப்படி இயங்குகிறது என்று ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். தட்டும் விகிதத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ஏமாற்று வீடியோக்கள்தான் மேலே வரும் என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் கணித்துப் பார்த்தது, ஒரு முறை காட்டினால் எத்தனை நேரம் பார்க்கப்படும் என்பதை. தட்டுவதும் தங்குவதும் இரண்டும் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் பிளவுஸ் வீடியோவின் 40 சதவீதத்தை இப்போது திரும்பிப் பார்ப்போம். 1,000 முறை, முறைக்கு 4 நிமிடம், ஆக 4,000 நிமிடம். அதாவது 67 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 10 நிமிடத்தில் 4 நிமிடம் ஒருவர் தங்குவது சின்ன விஷயமில்லை. நீளமான வீடியோவில் சதவீதத்தைவிட நிமிடத்தைப் பார்ப்பதுதான் நல்லது. அதே வீடியோவை 5 நிமிடமாகச் சுருக்கி, 3 நிமிடம் பார்க்கப்பட்டால் சதவீதம் 60 ஆக உயரும். ஆனால் பார்ப்பவர் உங்களோடு செலவழித்த நேரம் ஒரு நிமிடம் குறைந்திருக்கும். எண் அழகாகி, பாடம் சுருங்கிவிடும்.

இதற்கும் ஏமாற்று வழி உண்டு. 8 நிமிடமும் அதற்கு மேலும் உள்ள வீடியோக்களின் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதால், 5 நிமிடத்தில் முடிய வேண்டியதை இழுத்து 8 நிமிடமாக்குவார்கள். ஷார்ட்ஸில் லூப்பை வலிந்து வரவழைப்பதற்கு நீளமான வீடியோவில் இதுவே ஈடு. டிவியில் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிப்போனவரின் நேரமும் பார்த்த நேரமாகவே சேரும். இதெல்லாம் தெரிந்துதான் யூடியூப் பார்வையாளர்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்க ஆரம்பித்தது. இந்த வீடியோவுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு, 4 அல்லது 5 கிடைத்தால்தான் அந்த நேரத்தைப் பயனுள்ள நேரமாகக் கொள்கிறது.

நீளமான வீடியோவிலும் லூப் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் வரைபடம் பொதுவாக இறங்கிக்கொண்டே போகும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மேடு தட்டும். பிளவுஸ் வீடியோவில் கைக்குழி வளைவை வரையும் இடத்தில் அப்படி ஒரு மேடு வரும் என்று துணிந்து சொல்லலாம், ஏனென்றால் புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் அதுதான். திரையை இருமுறை தட்டிப் பின்னால் போய்ப் பார்த்திருப்பார்கள். ஷார்ட்ஸில் வீடியோ தானாகத் திரும்புகிறது, இங்கே ஆள் வேண்டித் திரும்புகிறார். ஆகவே இந்த மேட்டுக்கு லூப் சதவீதத்தைவிட மதிப்பு அதிகம். அடுத்த ஷார்ட்ஸுக்கு எதை எடுப்பது என்ற கேள்விக்கு விடையும் அங்கேயே இருக்கிறது.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால்

சரி, ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால்? 2016 கட்டுரையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிளவுஸ் வீடியோ 20,000 முறை காட்டப்பட்டு 4,000 நிமிடம், அதாவது 2,40,000 விநாடி பார்க்கப்பட்டது. ஒரு காட்டலுக்கு 12 விநாடி. ஊசி ஷார்ட்ஸை 14,000 பேர் ஆளுக்கு 26 விநாடி பார்த்தார்கள். 3,64,000 விநாடி, அதாவது 101 மணி நேரம். ஒரு காட்டலுக்கு 18 விநாடி.

70க்கு 5 என்று தெரிந்த வித்தியாசம் இப்போது 18க்கு 12 என்று சுருங்கிவிட்டது பாருங்கள். ஷார்ட்ஸ் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. ஆனால் முழுத்திரை எடுத்துக்கொண்டு 18 விநாடி, திரையின் ஒரு மூலையில் தம்ப்நெயிலாக நின்று 12 விநாடி. அடுத்து, ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 26 விநாடிக்கு 240 விநாடி. பாடம் கற்றுக்கொடுக்கும் ஒருவருக்கு, 9 மடங்கு நேரம் தன்னோடு உட்கார்ந்த மாணவி வேறு வகை.

யூடியூபும் இந்த இரண்டு நேரத்தையும் ஒன்றாகக் கருதவில்லை. விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களோடு, கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது கடந்த 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடி வியூஸ் வந்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணியில் சேராது. நம் தையல்காரரின் 101 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் வராது.

இதே அளவு ஓடும் வீடியோக்களாக எடுத்தால், பிளவுஸ் வீடியோ போல 60 போட்டால் 4,000 மணி நேரம் நிறையும். அதற்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது. ஊசி ஷார்ட்ஸ் போல என்றால் 700க்கு மேல் வேண்டும், அதுவும் 90 நாளுக்குள். ஷார்ட்ஸ் ஒன்று திடீரென்று லட்சக்கணக்கில் ஓடிவிடவும் கூடும், அது உண்மைதான். ஆனால் அது நடந்தால் நல்லது என்று இருக்க வேண்டிய விஷயம், அதை நம்பித் திட்டம் போட முடியாது. வருமானப் பங்கும் வேறு. நீளமான வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் அதை எடுத்தவருக்கு. ஷார்ட்ஸில் எல்லாருடைய விளம்பரப் பணத்தையும் பொதுவில் சேர்த்து, வியூஸின் அளவுக்கேற்பப் பிரித்து, அப்படி ஒதுக்கியதில் 45 சதவீதம்தான் கைக்கு வரும்.

இதற்காக ஷார்ட்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளவுஸ் வீடியோவின் தம்ப்நெயிலைத் தட்டாத 19,000 முறையில் கிடைக்காத ஒரு பார்வையை ஊசி ஷார்ட்ஸ் பெற்றுத் தருகிறது. ஷார்ட்ஸில் தொடர்புள்ள வீடியோ என்று ஓர் இணைப்பு வைக்க இடம் இருக்கிறது. அங்கே பிளவுஸ் வீடியோவைக் கொடுத்துவிட்டு, அந்த வீடியோவின் பக்கத்தில் ஷார்ட்ஸிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் எத்தனை நிமிடம் தங்கினார்கள் என்று பார்ப்பதுதான் இரண்டு வடிவத்துக்கும் பொதுவாகப் பயன்படும் ஒரே கேள்வி. பெரும்பாலும் வருபவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருப்பார்கள். 14,000 பேரில் 70 பேர் வந்து ஆளுக்கு 4 நிமிடம் தங்கினால்கூட அது 280 நிமிடம். அந்த 280 நிமிடமும் 4,000 மணிக் கணக்கில் சேரும்.

சேனல் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷார்ட்ஸை உங்கள் முந்தைய ஷார்ட்ஸோடு, அதுவும் ஏறக்குறைய அதே நீளமுள்ளதோடு மட்டும் ஒப்பிடுங்கள். 8 விநாடி வீடியோவின் 120 சதவீதம் என்பது 10 விநாடிகூட இல்லை. 50 விநாடி வீடியோவின் 70 சதவீதம் 35 விநாடி. நீளமான வீடியோவை நிமிடத்தில் பாருங்கள். முதல் 30 விநாடியைத் தாண்டி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஸ்டுடியோவே காட்டும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். பிளவுஸ் வீடியோவை நிறுத்திவிடாதீர்கள்.